ஜெர்மனியில் மின்சார, கேஸ் பில்லை வரிவரியாகப் படிப்பது எப்படி

ஜெர்மனிக்கு வந்து ஒரு வருடம் ஆனதும் மின்சாரக் கம்பெனியிடமிருந்து ஐந்தாறு பக்கத்தில் ஒரு கடிதம் வரும். முதல் பக்கத்தில் ஒரு தொகை தடித்த எழுத்தில் இருக்கும். அது நீங்கள் கட்ட வேண்டியதா, உங்களுக்குத் திரும்ப வருவதா என்பதே பலருக்கு முதலில் புரிவதில்லை. மாதாமாதம் பணம் போய்க்கொண்டுதானே இருந்தது, இப்போது எதற்கு இன்னொரு முந்நூறு யூரோ என்ற கேள்விதான் பெரும்பாலும் எழும்.

குழப்பத்துக்குக் காரணம் கணக்கு முறை. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து ரீடிங் எடுத்து, ஓடிய யூனிட்டுக்குப் பணம் கேட்பார்கள். இலங்கையில் மாதம் ஒருமுறை. இரண்டு இடத்திலும் முதலில் பாவனை, பிறகு பணம். ஜெர்மனியில் பெரும்பாலான வீடுகளுக்கு இது தலைகீழ். நீங்கள் எவ்வளவு பயன்படுத்துவீர்கள் என்று கம்பெனி ஓர் ஊகம் செய்து, அதை மாதங்களுக்குப் பிரித்து, ஒவ்வொரு மாதமும் ஒரே தொகையை முன்பணமாக வாங்கிக்கொள்ளும். இந்த முன்பணம்தான் அப்ஷ்லாக். வருட முடிவில் மீட்டரைப் பார்த்து உண்மையான செலவைக் கணக்கிட்டு, கட்டிய முன்பணத்தைக் கழிப்பார்கள். மிச்சம் உங்கள் பக்கம் நின்றால் அது குட்ஹாபன், அதாவது வரவு. அவர்கள் பக்கம் நின்றால் நாக்த்சாலுங், நீங்கள் கூடுதலாகக் கட்ட வேண்டியது.

ஆகவே அந்தப் பெரிய தொகையைப் பார்த்துக் கவலைப்படுவதற்கு முன், அது எந்த எண்களிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அந்த எண்களில் தவறு வருகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: மீட்டர் ரீடிங்.

ஒரு பில்லை எடுத்துப் பார்ப்போம்

கீழே இருப்பது இரண்டு பேர் வாழும் ஒரு வாடகை வீட்டுக்கான மாதிரி மின்சார பில். ஒவ்வொரு கம்பெனியும் வடிவத்தை மாற்றும், ஆனால் இந்த வரிகள் ஏதாவது ஒரு பக்கத்தில் கட்டாயம் இருக்கும். வசதிக்காக வரி எண் போட்டிருக்கிறோம்.

```
 1  Kundennummer            (...)
 2  Zählernummer            (...)
 3  Marktlokation (MaLo-ID) (...)
 4  Abrechnungszeitraum     01.01.2025 - 31.12.2025
 5  Zählerstand alt         14.210  Kundenablesung
 6  Zählerstand neu         17.310  geschätzt
 7  Verbrauch               3.100 kWh
 8  Arbeitspreis   3.100 kWh x 27,00 ct    837,00 EUR
 9  Grundpreis     12 Monate x 10,00 EUR   120,00 EUR
10  Summe netto                            957,00 EUR
11  Umsatzsteuer 19 %                      181,83 EUR
12  Summe brutto                         1.138,83 EUR
13  Geleistete Abschläge   12 x 70,00     -840,00 EUR
14  Nachzahlung                            298,83 EUR
15  Neuer Abschlag ab 01.03.2026            95,00 EUR
```

எண்களைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. இங்கே ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி, தசமத்துக்குக் காற்புள்ளி. ஏழாவது வரியில் இருப்பது மூவாயிரத்து நூறு, மூன்று புள்ளி ஒன்று அல்ல. கிலோவாட் மணி என்பது நம் ஊர் யூனிட்டேதான். ஒரு யூனிட் என்றால் ஒரு கிலோவாட் மணி, இதில் மாற்றம் எதுவும் இல்லை.

முதல் வேலை: பில்லோடு மீட்டருக்குப் போவது

பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக மீட்டருக்குப் போங்கள். பல கட்டடங்களில் எல்லா வீட்டு மீட்டர்களும் நிலவறையில் ஒரே பெட்டியில் வரிசையாக இருக்கும். சில வீடுகளில் மாடிப்படி ஓரத்திலோ வீட்டுக்குள்ளேயோ இருக்கும். இரண்டாவது வரியில் உள்ள மீட்டர் எண்ணும், மீட்டரின் முகப்பில் பார்கோடுக்கு அருகில் அச்சிட்டிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள்.

எண் பொருந்தினாலும் அது உங்கள் வீட்டு மீட்டர்தான் என்று சொல்லிவிட முடியாது. அடுக்குமாடி வீடுகளில் குடிபுகும்போதே பக்கத்து வீட்டு மீட்டர் எண்ணை மாற்றி எழுதிவிடுவது நடக்கிறது. பாவனை உங்கள் வாழ்க்கைக்குச் சற்றும் பொருந்தாமல் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். வீட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியில் எல்லா சுவிட்சையும் சில நிமிடம் இறக்கிவைத்துவிட்டு, இன்னொருவரை மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கறுப்பு மீட்டரில் சுழலும் வட்டத் தகடு நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் நீங்கள் வேறு யாருடைய மின்சாரத்துக்கோ பணம் கட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது உங்கள் இணைப்பில் வேறு எதையோ மாட்டியிருக்கலாம். இரண்டில் எதுவானாலும் வீட்டு உரிமையாளருக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

அடுத்து ரீடிங். பழைய மீட்டரில் காற்புள்ளிக்கு முன்னால் உள்ள எண்கள் மட்டும்தான் கணக்கு. சிவப்புக் கட்டத்துக்குள் இருக்கும் கடைசி இலக்கம் தசமம், அதை எழுதக் கூடாது. இந்த ஓர் இலக்கத்தைச் சேர்த்து எழுதிவிட்டால் 16.706 என்பது 167.064 ஆகிவிடும், பில்லில் பாவனை எங்கேயோ போய் நிற்கும். புதிய டிஜிட்டல் மீட்டரில் திரை தானாக மாறிக்கொண்டே இருக்கும். இடது ஓரத்தில் `1.8.0` என்ற குறி வரும்போது தெரியும் எண்தான் நீங்கள் வாங்கிய மின்சாரம். `2.8.0` என்பது சோலார் வைத்தவர்கள் வெளியே அனுப்பும் மின்சாரம், வாடகை வீட்டில் அது உங்களுக்கு வேண்டியதில்லை. பகல் இரவு என இரண்டு விலை உள்ள பழைய இணைப்புகளில் `1.8.1`, `1.8.2` என இரண்டு எண் இருக்கும், இரண்டையும் எழுத வேண்டும்.

போனில் ஒரு போட்டோ எடுங்கள். ரீடிங்கும் மீட்டர் எண்ணும் ஒரே படத்தில் விழ வேண்டும். ரீடிங் மட்டும் தெரியும் படத்தைக் காட்டி வாதாடுவது கஷ்டம், ஏனென்றால் அது யாருடைய மீட்டர் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஐந்தாவது, ஆறாவது வரியின் ஓரத்தில் உள்ள சொல்

பில் முழுவதிலும் மிக முக்கியமான சொல் ரீடிங்கை ஒட்டிச் சின்னதாக அச்சாகியிருக்கும். அந்த எண் எப்படிக் கிடைத்தது என்பதைக் கம்பெனி சொல்லியாக வேண்டும். அதனால் கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று, அல்லது அதற்கு அடையாளமாக ஓர் எழுத்தும் அடிக்குறிப்பும், அங்கே இருக்கும்.

```
Kundenablesung, Ablesung durch Netzbetreiber
geschätzt, rechnerisch ermittelt, hochgerechnet
```

முதல் வரியில் இருப்பவை உண்மையான ரீடிங். ஒன்று நீங்கள் கொடுத்தது, மற்றது கம்பிவடத்துக்குப் பொறுப்பான நிறுவனம் வந்து எடுத்தது. இரண்டாவது வரியில் உள்ள மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான்: யாரும் மீட்டரைப் பார்க்கவில்லை, கணக்குப் போட்டு ஓர் எண்ணை வைத்திருக்கிறார்கள்.

இப்படி மதிப்பிடுவது சட்டப்படி தவறில்லை. ரீடிங் வரவில்லை என்றால் போன வருடப் பாவனையையோ அதே மாதிரி வீடுகளின் பாவனையையோ வைத்து அவர்கள் மதிப்பிடலாம். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், புதிதாகக் குடிவந்த வீட்டில் உங்களுக்குப் போன வருடம் என்று ஒன்று இல்லை. உங்களுக்கு முன் அதே வீட்டில் நான்கு பேர் இருந்து, அவர்களின் பாவனை உங்கள் தலையில் மதிப்பீடாக விழலாம்.

நம் மாதிரி பில்லில் நடந்தது இதுதான். தொடக்க ரீடிங்கை வாடகைக்காரர்களே கொடுத்திருக்கிறார்கள். டிசம்பரில் ரீடிங் கேட்டு வந்த தபால் அட்டையை விளம்பரம் என்று நினைத்துப் போட்டுவிட்டார்கள். விளைவு, முடிவு ரீடிங் மதிப்பீடு. பில் வந்ததும் 2026 ஜனவரி 20 காலையில் மீட்டரைப் பார்க்கிறார்கள். அதில் இருப்பது 16.706. டிசம்பர் 31-க்குக் கம்பெனி வைத்த எண்ணோ 17.310. மீட்டர் பின்னால் ஓடாது. ஆக இருபது நாள் கழித்தும் மீட்டர் தொடாத ஓர் எண்ணுக்குப் பணம் கேட்டிருக்கிறார்கள். இதைவிடத் தெளிவான ஆதாரம் தேவையில்லை.

சரியான ரீடிங் எவ்வளவு இருந்திருக்கும் என்று நாமே போட்டுப் பார்க்கலாம். 14.210-இலிருந்து 16.706 வரை 2.496 யூனிட். 2025 ஜனவரி 1 முதல் 2026 ஜனவரி 20 காலை வரை 384 நாள். ஒரு நாளைக்கு 6,5 யூனிட். வருடம் முடிந்தபின் போன 19 நாளுக்குச் சுமார் 124 யூனிட் கழித்தால், டிசம்பர் 31 இரவு மீட்டர் 16.582 அருகில் இருந்திருக்கும். அந்த வருடப் பாவனை 2.372 யூனிட், பில்லில் உள்ள 3.100 அல்ல. இரண்டு பேர் வாழும், வெந்நீருக்கு மின்சாரம் பயன்படுத்தாத ஃபிளாட்டுக்குச் சுமார் 2.000 என்பது இயல்பான அளவு. தினமும் மூன்று வேளை அடுப்பு எரியும் வீட்டில் சற்றுக் கூடுவதில் ஆச்சரியம் இல்லை. குளியலறையில் மின்சார ஹீட்டரில் தண்ணீர் சுடுகிறது என்றால் இன்னும் பல நூறு யூனிட் கூடும்.

விலை வரிகள்

எட்டாவது வரியில் இருப்பது ஆர்பைட்ஸ்ப்ரைஸ், ஒரு யூனிட்டின் விலை. ஒன்பதாவது வரி க்ரூண்ட்ப்ரைஸ், இணைப்புக்கும் மீட்டருக்குமான நிலைக் கட்டணம். நீங்கள் இரண்டு மாதம் ஊருக்குப் போய் ஒரு யூனிட்கூட ஓடாவிட்டாலும் நிலைக் கட்டணம் ஓடும். இங்கே தமிழ்நாட்டைப் போல முதல் நூறு யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும் என்ற முறை கிடையாது. முதல் யூனிட்டுக்கும் கடைசி யூனிட்டுக்கும் ஒரே விலை.

பலர் தடுக்கி விழும் இடம் நெட்டோ, ப்ரூட்டோ. பில்லின் கணக்குப் பக்கம் பெரும்பாலும் வரி இல்லாத நெட்டோ விலையில் இருக்கும், ஒப்பந்தமும் ஒப்பீட்டுத் தளங்களும் 19 சதவீத வரி சேர்த்த ப்ரூட்டோ விலையைக் காட்டும். மாதிரி பில்லில் யூனிட் 27,00 சென்ட் என்றால் உண்மையில் நீங்கள் கட்டுவது 32,13 சென்ட். இணையத்தில் 30 சென்ட் என்று ஓர் ஒப்பந்தத்தைப் பார்த்து, இது நம்முடையதைவிட அதிகம் என்று ஒதுக்கிவிடுவார்கள். உண்மையில் அது மலிவானது.

வருட நடுவில் விலை மாறியிருந்தால் எட்டாவது வரி இரண்டாகப் பிரிந்திருக்கும். மாறிய நாளன்று யாரும் மீட்டர் பார்க்கவில்லை என்றால், எந்த விலையில் எத்தனை யூனிட் என்பதும் கணக்குப்படிதான் பிரிக்கப்படும். விலை ஏறப்போகிறது என்று கடிதம் வந்தால், ஏறும் நாளன்று ரீடிங் எடுத்து அனுப்பிவிடுங்கள். விலை ஏற்றத்தைக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் அறிவிக்க வேண்டும் என்பது விதி. அந்த அறிவிப்பு வந்தால், ஒப்பந்தக் காலம் முடியாவிட்டாலும், விலை ஏறும் நாளோடு வெளியேற உங்களுக்கு உரிமை உண்டு.

பின்பக்கங்களில் கம்பிவடக் கட்டணம், மின்சார வரி, மாநகராட்சிக்கான தொகை என்று நீளமாக ஒரு பட்டியல் இருக்கும். அவை எல்லாம் ஏற்கெனவே யூனிட் விலைக்குள்ளும் நிலைக் கட்டணத்துக்குள்ளும் அடங்கியவை. புதிதாகக் கூட்டிக் கணக்கிட வேண்டாம், தாராளமாகக் கடந்து போகலாம்.

முன்பணத்தைச் சரிபார்ப்பது

பதின்மூன்றாவது வரியைப் பாங்க் கணக்கோடு ஒப்பிடுங்கள். நீங்கள் கட்டியதாக அவர்கள் எழுதியிருக்கும் தொகை உண்மையில் போன தொகையா என்பதுதான் கேள்வி. சில நகராட்சிக் கம்பெனிகள் வருடத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதினொரு முன்பணம் வாங்கும். பன்னிரண்டாவது மாதத்துக்குப் பதிலாக பில் வரும். ஒரு மாதம் விட்டுப்போயிற்றே என்று நீங்களாக அனுப்பத் தேவையில்லை. பணம் அனுப்பும்போது வாடிக்கையாளர் எண்ணை எழுத மறந்திருந்தால் அது உங்கள் கணக்கில் சேராமல் தொங்கிக்கொண்டிருக்கும், இந்த வரியில்தான் அது வெளிப்படும்.

பதினைந்தாவது வரி அடுத்த வருட முன்பணம். எளிய சோதனை: பன்னிரண்டாவது வரியைப் பன்னிரண்டால் வகுங்கள். 1.138,83 வகுத்தல் 12 என்றால் 94,90. பில்லில் 95 யூரோ, கணக்குச் சரி. ஆனால் அடியில் உள்ள பாவனை தவறு என்பதால் இதுவும் தவறு. சரியான பாவனையை வைத்துப் போட்டால்: 2.372 யூனிட்டுக்கு 640,44, நிலைக் கட்டணம் 120, வரியோடு மொத்தம் 904,92. கட்டியது 840. கூடுதலாகக் கட்ட வேண்டியது 64,92 யூரோ மட்டும், 298,83 அல்ல. புதிய முன்பணம் மாதம் 75, 76 யூரோ போதும்.

கூட மதிப்பிட்டால் அடுத்த வருடம் தானாகக் கழிந்துவிடுமே, எதற்கு இந்த வேலை என்று சிலர் சொல்வார்கள். யூனிட் விலை மாறாமல், நீங்களும் அதே வீட்டில் அதே கம்பெனியில் இருந்தால் அது உண்மைதான். ஆனால் அதுவரை 234 யூரோ அவர்களிடம் கிடக்கும், அதோடு மாதாமாதம் இருபது யூரோ கூடப் போகும். இதற்கு நேர் எதிர்த் தவறு இன்னும் கொடுமையானது. குறைவாக மதிப்பிட்டு முதல் வருடம் வரவு வந்தது என்று மகிழ்ந்தவர்களுக்கு, இரண்டாவது வருடம் இரண்டு வருடத்துச் சுமையும் ஒன்றாக இறங்கும்.

நிலையான கட்டளை போட்டு பாங்கிலிருந்து நீங்களே பணம் அனுப்புபவர் என்றால், புதிய தொகையை நீங்கள்தான் மாற்ற வேண்டும். பழைய 70 யூரோவே போய்க்கொண்டிருந்தால் மூன்றாம் மாதம் நினைவூட்டல் கட்டணத்தோடு கடிதம் வரும். கம்பெனியே பணத்தை எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

தவறைத் திருத்தச் சொல்வது

போன் செய்து சொல்வது போதாது. கம்பெனியின் இணையக் கணக்கிலோ மின்னஞ்சலிலோ எழுதி, போட்டோவை இணையுங்கள். நீளமாக எழுத வேண்டியதில்லை.

```
Betreff: Rechnung vom 15.01.2026, Zählerstand falsch

Sehr geehrte Damen und Herren,

der Zählerstand zum 31.12.2025 (17.310) wurde geschätzt
und ist zu hoch. Am 20.01.2026 stand mein Zähler
bei 16.706 (Foto anbei). Bitte korrigieren Sie die Rechnung
und den neuen Abschlag und bestätigen Sie dies schriftlich.

Kundennummer: ...
Zählernummer: ...

Mit freundlichen Grüßen
```

எழுதிவிட்டோம், இனிக் கட்ட வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது. பில் கைக்கு வந்து குறைந்தது இரண்டு வாரம் கழித்துத்தான் பணம் கேட்கலாம். அந்தக் காலத்துக்குள் எழுதிவிடுவதே நல்லது. எதிர்ப்பு சொன்னதாலேயே பணம் கட்ட வேண்டிய நாள் தள்ளிப்போகாது. பொதுவாக, தவறு வெளிப்படையாகத் தெரியும் சாத்தியம் இருக்கும்போதுதான் பணத்தை நிறுத்திவைக்கலாம். காரணமே இல்லாமல் பாவனை முந்தைய காலத்தைவிட இருமடங்குக்கு மேல் காட்டி, நீங்கள் மீட்டர் பரிசோதனை கேட்டிருந்தாலும் நிறுத்தலாம். மேலே உள்ள கதையில் மீட்டர் போட்டோவே வெளிப்படையான தவறைக் காட்டுகிறது. அப்போதும் உங்கள் கணக்குப்படி வரும் 64,92 யூரோவைக் காலத்தில் கட்டிவிட்டு, மிச்சத்தை மட்டும் நிறுத்திவைப்பதே புத்திசாலித்தனம்.

கம்பெனிக்குப் பதில் சொல்ல நான்கு வாரம் உண்டு. அதற்குள் தீராவிட்டால் பெர்லினில் உள்ள எரிசக்திச் சமரச அமைப்பிடம் போகலாம். இணையத்தில் `Schlichtungsstelle Energie` என்று தேடுங்கள், வாடிக்கையாளருக்குக் கட்டணம் இல்லை. ஜெர்மன் இன்னும் கைகூடாதவர்கள் அதற்கு முன் ஊரில் உள்ள `Verbraucherzentrale` அலுவலகத்தில் பில்லைக் காட்டலாம், அங்கே ஆலோசனைக்குச் சிறு கட்டணம் இருக்கக்கூடும்.

தொகை சரிதான், ஆனால் ஒரே தடவையில் கட்ட முடியாது என்றால் அதையும் உடனே எழுத்தில் சொல்லித் தவணை கேளுங்கள். வரவு வந்திருந்தால், அதை அடுத்த முன்பணத்தில் கழிக்க வேண்டும், அல்லது இரண்டு வாரத்துக்குள் உங்களுக்கு அனுப்ப வேண்டும். பில் தயாரிக்கவும் அவர்களுக்குக் காலக்கெடு உண்டு, கணக்குக் காலம் முடிந்து ஆறு வாரம்.

கேஸ் பில்லில் கூடுதலாக இருப்பவை

வீட்டுக்கென்று தனி கேஸ் மீட்டர் இருப்பவர்களுக்கு மட்டுமே இந்தப் பகுதி. கட்டடம் முழுவதற்கும் ஒரே கொதிகலன் என்றால் சூடேற்றும் செலவு வீட்டு உரிமையாளரின் துணைச் செலவுக் கணக்கில் வரும், கேஸ் பில் உங்களுக்கு வராது.

கேஸ் மீட்டர் யூனிட்டை அளப்பதில்லை, கன மீட்டரை அளக்கிறது. அதை யூனிட்டாக மாற்ற பில்லில் இரண்டு பெருக்கல் இருக்கும்.

```
Zählerstand alt          4.120 m³
Zählerstand neu          5.020 m³
Differenz                  900 m³
x Zustandszahl          0,9560
x Brennwert            11,300 kWh/m³
= Verbrauch              9.723 kWh
```

சூடும் அழுத்தமும் மாறினால் ஒரே அளவு கேஸ் கூடவோ குறையவோ இடம் பிடிக்கும். ஊர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும் இதில் சேரும். முதல் பெருக்கல் எண் அதைச் சரிக்கட்டுகிறது, வழக்கமாக ஒன்றுக்குச் சற்றுக் கீழே இருக்கும். இரண்டாவது எண் ஒரு கன மீட்டர் கேஸ் தரும் வெப்பம். உங்கள் பகுதிக்கு எந்தக் குழாயில் எந்தக் கேஸ் வந்தது என்பதைப் பொறுத்து அது மாறும், எனவே போன வருடத்தைவிடச் சற்றே வேறாக இருந்தால் அதில் சூது எதுவும் இல்லை. இரண்டையும் கம்பெனி இஷ்டத்துக்குப் போட முடியாது, குழாய்வலை நிறுவனம் தருவது அது. நீங்கள் பார்க்க வேண்டியது மீண்டும் மேலே உள்ள இரண்டு ரீடிங்கைத்தான். கேஸ் மீட்டரில் காற்புள்ளிக்குப் பின்னால் சிவப்பாக மூன்று இலக்கம் வரை இருக்கும், அவற்றை எழுதக் கூடாது.

900 என்பதைப் பார்த்துவிட்டு, ஒப்பீட்டுத் தளத்தில் பாவனை 900 என்று நிரப்புகிறவர்கள் உண்டு. அது உண்மையான பாவனையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை நம்பிக் கம்பெனி மாதம் பதினைந்து யூரோ முன்பணம் போடும், வருட முடிவில் ஆயிரம் யூரோவுக்கு மேல் பில் வரும். அங்கே நிரப்ப வேண்டியது 9.723.

பருவமும் ஏமாற்றும். சூடேற்றுவதற்கான கேஸ் அக்டோபரிலிருந்து ஏப்ரலுக்குள்தான் பெரும்பாலும் எரிகிறது. மே மாதம் குடிபுகுந்து, ஆகஸ்டில் மீட்டர் பார்த்து, இவ்வளவு குறைவாக ஓடுகிறதே என்று முன்பணத்தைக் குறைக்கச் சொன்னால் பிப்ரவரியில் அதற்கு விலை கொடுக்க வேண்டும். மின்சாரத்தில் ஒரு வார ரீடிங்கைப் பார்த்து வருடத்தை ஊகிக்கலாம், கேஸில் முடியாது.

கேஸ் பில்லின் பின்பக்கத்தில் கரியமில வாயுவுக்கான கட்டணம் தனியாகக் காட்டப்பட்டிருக்கும். அந்த ஒரு வரியில் உங்களுக்குப் பணம் இருக்கிறது, பெரும்பாலோர் கேட்பதே இல்லை. 2023 முதல் இந்தச் செலவில் ஒரு பங்கை வீட்டு உரிமையாளர் ஏற்க வேண்டும், கட்டடம் எவ்வளவு மோசமாகச் சூட்டைக் காக்கிறதோ அவ்வளவு அதிகப் பங்கு. மாதிரிக் கணக்கில் 9.723 யூனிட்டுக்குச் சுமார் 1.760 கிலோ வாயு. 2025-இல் ஒரு டன்னுக்கு 55 யூரோ, வரி சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 115 யூரோ. வீடு 60 சதுர மீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 29 கிலோ. 27-இலிருந்து 32 கிலோ வரையான படியில் உரிமையாளர் பங்கு 40 சதவீதம், ஆக 46 யூரோ. கேஸ் ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருந்தால், பில் வந்த ஆறு மாதத்துக்குள் உரிமையாளருக்கு மின்னஞ்சலிலாவது எழுதிக் கேட்க வேண்டும். அந்தக் காலம் தாண்டினால் பணம் போயிற்று.

வீடு மாறும்போது

சாவி வாங்கும் நாளில், ஒப்படைப்புத் தாளில் எல்லா மீட்டர்களின் எண்ணையும் ரீடிங்கையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். போகும் நாளிலும் அப்படியே. பில்லின் ஐந்தாவது வரியில் வரும் தொடக்க ரீடிங் சரியாக இருக்கிறதா என்று ஒரு வருடம் கழித்து நிரூபிக்க வேறு வழி இல்லை.

முன்பெல்லாம் குடிவந்த பிறகு சில வாரம் கழித்துக்கூட, வந்த தேதியிலிருந்து மின்சார ஒப்பந்தத்தைப் பின்தேதியிட்டுப் பதியலாம். 2025 ஜூன் 6-இலிருந்து மின்சாரத்துக்கு அந்த வசதி போய்விட்டது. புதிய வீட்டுக்கு முன்கூட்டியே பதிய வேண்டும். இல்லையென்றால் ஊரின் அடிப்படை விநியோகக் கம்பெனியிடம் தானாகப் போய்ச் சேர்வீர்கள், அங்கே யூனிட் விலை பெரும்பாலும் அதிகம். அப்படி விழுந்துவிட்டாலும் பயமில்லை, இரண்டு வார அறிவிப்பில் வெளியேறலாம். பழைய வீட்டு ஒப்பந்தத்தையும் போகும் தேதிக்கு முன்பே முடிக்கச் சொல்ல வேண்டும். தாமதித்தால் அடுத்து வருபவர் எரிக்கும் விளக்குக்கு நீங்கள் கட்ட நேரிடும்.

பதியும்போது கேட்கப்படுவது மூன்றாவது வரியில் உள்ள பதினொரு இலக்க எண். அது மீட்டருக்கு அல்ல, அந்த வீட்டு இணைப்புக்குரியது. மீட்டரை மாற்றினாலும் அது மாறாது. பழைய குடித்தனக்காரரிடமோ உரிமையாளரிடமோ கேட்டு வாங்கிவைத்தால் பதிவு ஒரே நாளில் முடியும்.

இதே எண்களுக்காகத்தான் சிலர் போனிலும் வாசலிலும் வருவார்கள். "உங்கள் பில்லைக் கொஞ்சம் காட்டுங்கள், விலை சரியா என்று பார்க்க வேண்டும்" என்று நகராட்சி ஆள் மாதிரி பேசுவார்கள். முகவரியும் மீட்டர் எண்ணும் கிடைத்தால் உங்கள் பெயரில் கம்பெனி மாற்றத்தைத் தொடங்கிவிட முடியும். வாசலில் நிற்பவருக்கு பில்லைக் காட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அடிப்படை விநியோகத்துக்கு வெளியே உள்ள ஒப்பந்தம் போனில் "சரி" என்று சொன்னதால் மட்டும் செல்லாது, எழுத்து வடிவில் இருக்க வேண்டும். கேட்காத கம்பெனியிடமிருந்து வரவேற்புக் கடிதம் வந்தால் பதினான்கு நாளுக்குள் ரத்து செய்வதாக எழுதிவிட்டு, பழைய கம்பெனிக்கும் ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.

புறப்படும்போது புதிய முகவரியையும் வரவு போட வேண்டிய பாங்க் கணக்கையும் கம்பெனியிடம் கொடுங்கள். கடைசி பில்லும் ஆறு வாரத்துக்குள் வர வேண்டும். அதற்கு முன் ஜெர்மன் பாங்க் கணக்கை மூடிவிட்டு ஊருக்குப் போனவர்கள், வந்த வரவை வாங்க மாதக்கணக்கில் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருப்பார்கள்.